பிஎம்பி தேர்வு: பணம் கட்டுவதற்கு முன் கையேட்டில் சறுக்கும் இடங்கள்

புராஜெக்ட் மேலாண்மைக்காக பிஎம்ஐ என்ற அமைப்பு தரும் பிஎம்பி சான்றிதழுக்குப் பதிவு செய்பவர்களில் பலர், அதன் விதிகளைச் சொல்லும் கையேட்டைப் பதிவிறக்கம் செய்து வைப்பதோடு சரி. தகுதிப் பக்கத்தில் இரண்டு வரியைப் பார்ப்பார்கள், கட்டணப் பக்கத்தில் தொகையைப் பார்ப்பார்கள், அப்புறம் நேராகக் கார்டை எடுத்துவிடுவார்கள். சிக்கல் அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே இருக்கும் விளக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் அனுபவம். நான்கு வருடப் பட்டம் பெற்றவர் 36 மாதங்கள் புராஜெக்டுகளை வழிநடத்தியிருக்க வேண்டும் என்பது பலரும் அறிந்த விதி. அந்த 36 மாதங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழாதவையாக இருக்க வேண்டும் என்பதில்தான் கணக்கு தப்புகிறது. ஒரு பி.இ. பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். முதல் புராஜெக்ட் 2020 ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டாவது 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை. மூன்றாவது 2022 முழுக்க. மூன்றும் பன்னிரண்டு மாதம், கூட்டினால் 36, தகுதி வந்துவிட்டது என்று அவர் நினைப்பார். ஆனால் 2020 ஜூலை முதல் டிசம்பர் வரை இரண்டு புராஜெக்டுகளும் ஒரே நேரத்தில் ஓடின. அந்த ஆறு மாதங்களை ஒருமுறைதான் எண்ணலாம். ஆக, கையில் இருப்பது 30 மாதங்கள்தான். இரண்டு வேலையை ஒன்றாக இழுத்துச் செய்த கஷ்டத்துக்கு இங்கே கூடுதல் மதிப்பு கிடையாது.

எவ்வளவு பழைய அனுபவம் வரை செல்லும் என்பதற்கும் ஒரு கால வரம்பு உண்டு. நடைமுறையிலிருக்கும் கையேட்டில் அது எத்தனை வருடம் என்று பார்த்து, விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குழுவில் ஒருவராக இருந்த மாதங்களும், தினசரி சப்போர்ட் வேலையும் வழிநடத்தியதாக ஆகாது. மூன்று வருடப் பட்டம் உள்ளவர்கள் தங்கள் பட்டம் எந்தத் தகுதிப் பிரிவில் வரும் என்று பிஎம்ஐக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது. கோச்சிங் சென்டரில் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது.

அடுத்தது ஆடிட். சில விண்ணப்பங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்துச் சரிபார்ப்பார்கள். அந்தத் தகவல் பணம் கட்டிய பிறகுதான் வரும். பட்டச் சான்றிதழ், 35 மணி நேரப் பயிற்சிக்கான அத்தாட்சி, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் அதை நேரில் அறிந்த ஒருவரின் உறுதிமொழி, எல்லாவற்றையும் 90 நாட்களுக்குள் தர வேண்டும். கம்பெனி மாறிப் போன பழைய மேனேஜரை அப்போது தேடுவதை விட, விண்ணப்பத்தில் அவர் பெயரைப் போடும் முன்பே ஒரு போன் போட்டுவிடலாம்.

கட்டணத்தில் ஒரு சின்ன கண்ணி உண்டு. பிஎம்ஐ உறுப்பினருக்குத் தேர்வுக் கட்டணம் குறைவு. ஆனால் உறுப்பினர் ஆவது முதலில் நடக்க வேண்டும். முழுக் கட்டணம் கட்டிவிட்டு மறுவாரம் உறுப்பினரானால் வித்தியாசத் தொகையைத் திருப்பித் தர மாட்டார்கள். உறுப்பினர் சந்தாவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம், அதற்குள் மூன்று முறை எழுதலாம். ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் தனிக் கட்டணம். தேர்வுக்கு முப்பது நாட்களுக்குள் இருக்கும்போது தேதியை மாற்றினால் 70 டாலர் அபராதம் என்றும், கடைசி 48 மணி நேரத்தில் மாற்றவே முடியாது, கட்டணம் முழுக்கப் போகும் என்றும் கையேடு சொல்லிவந்திருக்கிறது. வேலைப் பளு எப்போது ஏறும் என்று தெரியாத ஐடி ஆட்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். தொகைகள் மாறக்கூடியவை. அதனால் கையேட்டின் வெளியீட்டுத் தேதியையும் பாருங்கள்.

கடைசியாக, தேர்வில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் உள்ளடக்க வரையறை. 2021 ஜனவரியில் அமலுக்கு வந்த வரையறையில் மனிதர்கள் 42 சதவீதம், செயல்முறை 50, வணிகச் சூழல் 8. மதிப்பெண்ணுக்கு எண்ணப்படும் 175 கேள்விகளில் வணிகச் சூழலுக்கு 14தான் வரும் என்பதால் அதைப் படிக்காமலே விட்டவர்கள் உண்டு. 2026 ஜூலையிலிருந்து வரும் புதிய வரையறையிலோ அதன் பங்கு 26 சதவீதம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைப் பதிவு செய்த நாள் முடிவு செய்வதில்லை, தேர்வு எழுதும் நாள்தான் முடிவு செய்கிறது. பழைய வரையறைக்கு வாங்கிய மாக் டெஸ்டுகளோடு தேர்வைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனவருக்கு, அந்த டெஸ்டில் எடுக்கும் 80 சதவீதம் பெரிதாக எதையும் சொல்லாது.

வரையறை பட்டியலிடும் ஒவ்வொரு பணிக்கும் கீழே வரும் துணைவரிகள் எடுத்துக்காட்டுகள் மட்டுமே, முழுப் பாடத்திட்டம் அல்ல. அவற்றை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போய், முடித்த அன்றே தேதி பதிவு செய்வதை விட, ஒவ்வொரு பணியையும் உங்கள் சொந்தப் புராஜெக்டில் எங்கே செய்தீர்கள் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வெற்றாக நிற்கும் வரிகள்தான் இன்னும் படிக்க வேண்டியவை. எழுதிய குறிப்புகள் விண்ணப்பத்தில் புராஜெக்டுகளை விவரிக்கவும் உதவும்.