அக்கா கடையின் இலாபம் எங்கே போனது? வருமான அறிக்கையை ஒருபடியிலும் பலபடியிலும் போட்டுப் பார்த்த கதை

பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் என் அக்கா முறுக்குக் கடை வைத்திருக்கிறார். பெயர்ப் பதிவு, உரிமம் எல்லாம் அவர் பேரில்தான். கணக்கு மட்டும் என் தலையில். இந்த வருடம் வருமான வரிக்கு பி பாரம் நிரப்பக் கணக்கை எடுத்து வைத்தபோது, “தம்பி, போன வருஷத்த விட கூட்டம் அதிகம். அப்புறம் ஏன் கையில காசு நிக்க மாட்டேங்குது?” என்று கேட்டார். நான் வழக்கமாகப் போடும் அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை.

நான் போட்டிருந்தது ஒருபடி அறிக்கை. வந்ததை எல்லாம் மேலே கூட்டி, போனதை எல்லாம் கீழே கூட்டி, ஒரே ஒரு கழித்தல். 2024இல் வரவு 180,000 வெள்ளி, செலவு 162,000, நிகர இலாபம் 18,000. 2025இல் வரவு 207,000, செலவு 188,500, நிகர இலாபம் 18,500. ஐந்நூறு வெள்ளி கூடியிருக்கிறதே என்று நானும் திருப்தியாக இருந்தேன். பகுதி நேரமாக டியூஷன் எடுப்பவருக்கு இந்த அறிக்கை போதும். சரக்கு வாங்கி, செய்து விற்கிற கடைக்குப் போதாது.

சரி, அதே எண்களைப் பலபடியாகப் பிரிப்போம். எக்ஸெல் போதும். கைப்பேசிச் செயலிகள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். நான் பார்த்தவை எண்ணெய் டின்னையும் கடை வாடகையையும் ‘செலவு’ என்று ஒரே பெட்டியில் தள்ளிவிட்டன. நமக்கு வேண்டியதே அந்தப் பிரிப்புதான்.

முதல் படி: விற்பனை மட்டும். 2025இன் 207,000இல் 7,000 விற்பனையே இல்லை. பழைய வேனை விற்றதில் வந்த இலாபம். அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். விற்பனை 200,000.

இரண்டாம் படி விற்ற பொருளின் அடக்கவிலை. நான் வழுக்கி விழுந்த இடம் இது, அதனால் மெதுவாகப் போகிறேன். 2025இல் மாவு, எண்ணெய், பை எல்லாம் சேர்த்து வாங்கியது 96,000. பலபடியாகப் பிரிக்கும்போது முதலில் அதை அப்படியே அடக்கவிலையில் போட்டுவிட்டேன். ஆனால் பொங்கல், தைப்பூச ஆர்டருக்காக டிசம்பரிலேயே எண்ணெய் டின்களும் உளுத்தமாவும் வாங்கிச் சுவரோரம் அடுக்கியிருந்தார் அக்கா. அவை இன்னும் முறுக்காகவே மாறவில்லை, அந்தச் செலவு 2025இன் தலையில் விழக்கூடாது. எனவே டிசம்பர் 31 இரவு எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். தொடக்கச் சரக்கிருப்பு 7,000, அதோடு கொள்முதல் 96,000, அதிலிருந்து இறுதிச் சரக்கிருப்பு 11,000 போக 92,000. முன்பு நான் போட்டதற்கும் இதற்கும் 4,000 வெள்ளி வித்தியாசம்.

இதோடு முடியவில்லை. முறுக்குப் பிழிந்து சுடும் அண்ணனின் சம்பளம், இபிஎப், சொக்சோ சேர்த்து 26,000. அடுப்பு கேஸ் 6,000. இரண்டும் இல்லாமல் முறுக்கு இல்லை, ஆகவே அடக்கவிலையில் சேரும். கல்லாவில் நிற்கும் பெண்ணின் சம்பளம் சேராது. அது கடை நடத்தும் செலவு. இந்த எல்லையை ஒருமுறை வகுத்துவிட்டால் வருடா வருடம் மாற்றாதீர்கள். மாற்றினால் இரண்டு வருடத்தை ஒப்பிட முடியாது. நானும் 2024ஐ இதே முறையில் மறுபடி போட்டேன்.

மூன்றாம் படி கழித்தல்கள்தான்:

```
                     2024      2025
விற்பனை            180,000   200,000
அடக்கவிலை           99,000   124,000
மொத்த இலாபம்        81,000    76,000
கடைச் செலவு         60,000    62,000
செயல்பாட்டு இலாபம்  21,000    14,000
வேன் விற்ற இலாபம்       0     7,000
கடன் வட்டி           3,000     2,500
நிகர இலாபம்         18,000    18,500
```

வேன் 15,000 வெள்ளிக்குப் போனது. தேய்மானம் கழித்து ஏட்டில் அதன் மதிப்பு 8,000. எனவே இலாபம் 7,000 மட்டுமே. வந்த பணம் முழுவதையும் வரவில் போடுவது நிறையப் பேர் செய்கிற தப்பு.

கடைசி வரி ஒருபடியில் வந்ததேதான், மாறவில்லை. நடு வரிகள்தான் பேசுகின்றன. மொத்த இலாபம் முறுக்கைப் பற்றிச் சொல்கிறது: செய்த செலவுக்கும் விற்ற விலைக்கும் நடுவே எவ்வளவு நிற்கிறது என்று. அது 45 விழுக்காட்டிலிருந்து 38க்கு இறங்கிவிட்டது. செயல்பாட்டு இலாபம் வாடகை, கல்லா, மின்சாரம் எல்லாம் கொடுத்த பிறகு வியாபாரம் தானாக நிற்கிறதா என்று காட்டுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு காணோம். நிகர இலாபத்தில் வேனும் வங்கிக் கடனும் கலந்துவிடுகின்றன. விற்க அடுத்த வருடம் இன்னொரு வேன் இல்லை.

எங்கே ஓட்டை என்பதும் தெரிகிறது. கடைச் செலவு விற்பனையில் 33 விழுக்காட்டிலிருந்து 31ஆகக் குறைந்திருக்கிறது, ஆகவே வாடகையைத் திட்டிப் பயனில்லை. விற்பனை 20,000 ஏறியபோது அடக்கவிலை 25,000 ஏறியிருக்கிறது. இதைப் பார்த்ததும் அக்காவிடம் ரசீதுப் புத்தகத்தைக் கேட்டேன்.

விஷயம் இதுதான். கடையில் ஒரு பாக்கெட் 6 வெள்ளி. 2025இல் சுற்றுவட்டார மளிகைக் கடைகளுக்கு 4 வெள்ளிக்குச் சப்ளை தொடங்கியிருந்தார். ஒரு பாக்கெட்டின் அடக்கம் சராசரியாக 3.30. கடையில் விற்றால் 2.70 நிற்கும், சப்ளையில் 70 காசு. சரி, கூடுதல் வியாபாரம்தானே என்றால், அதுவும் இல்லை. 2024இல் கல்லாவில் 30,000 பாக்கெட் போனது. 2025இல் சுமார் 24,850தான். சப்ளை போனது சுமார் 12,725. கல்லாவுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பலர் வீட்டுப் பக்கத்து மளிகையிலேயே வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா பார்த்த ‘கூட்டம்’ சப்ளைக்கு மூட்டை ஏற்றும் கூட்டம்.

இப்போது சப்ளை விலை 4.80. நடந்து வரும் தூரத்தில் உள்ள கடைகளுக்குக் கொடுப்பதில்லை.

பின்சேர்க்கை 1: விழுக்காட்டை எக்ஸெலில் எப்படிப் போடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். விற்பனை B2இலும் மொத்த இலாபம் B4இலும் இருந்தால், இதைப் போட்டுக் கட்டத்தை % வடிவத்துக்கு மாற்றினால் போதும்:

```
=B4/B2
```

இன்னொருவர் பெரிய நிறுவனங்களின் அறிக்கையில் ‘செயல்பாட்டு இலாபம்’ ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே என்றார். உண்மைதான். எம்எப்ஆர்எஸ் 18 என்ற தரநிலை 2027 ஜனவரி 1 முதல் அந்த வரிக்கு ஒரே வரையறை கொண்டு வருகிறது. அக்கா கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பின்சேர்க்கை 2: “முதலாளி சம்பளத்தை எந்த வரியில் போடுவது?” பலர் கேட்டுவிட்டார்கள். தனி உரிமையாளர் வியாபாரத்தில் எந்த வரியிலும் வராது. அக்கா கல்லாவிலிருந்து எடுப்பது அவர் எடுப்புக் கணக்கு, செலவு அல்ல. அவருடைய வருமான வரியும் இந்த அறிக்கைக்குள் வராது. அதாவது அந்த 18,500தான் அவர் ஒரு வருட உழைப்புக்குக் கூலி. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,541 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700. முறுக்குச் சுடும் அண்ணனுக்கு ஆகும் செலவு மாதம் 2,166. இதைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “வேன் காச கழிச்சிட்டுச் சொல்லு” என்றார். கழித்தேன். 958.