ரெடிமிக்ஸ் சப்மிட்டல்: டிசைன் ஒரு கான்கிரீட், ட்ரையல் வேறு கான்கிரீட்

ரெடிமிக்ஸ் சப்ளையருக்கு ஒப்புதல் கேட்டு வரும் ஃபைல் எப்போதும் தடிமனாகத்தான் இருக்கும். சிமென்ட் டெஸ்ட் சான்றிதழ், ஜல்லியின் சல்லடைப் பகுப்பாய்வு, கான்கிரீட்டை இளக்கச் சேர்க்கும் ரசாயனமான அட்மிக்ஸரின் டேட்டா ஷீட், பேட்சிங் பிளான்ட் காலிபிரேஷன், மிக்ஸ் டிசைன், ட்ரையல் மிக்ஸ் ரிசல்ட் என்று எல்லாம் இருக்கும். காகிதம் குறைவாக இருப்பதால் திருப்பி அனுப்பப்படும் ஃபைல்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உள்ளே இருக்கும் காகிதங்கள் ஒரே கான்கிரீட்டைப் பற்றிப் பேசாததால் திரும்புபவைதான் அதிகம்.

ஒரு உதாரணத்தை எடுத்து முழுவதுமாகப் பார்ப்போம். கேட்டது 28 நாளில் 40 எம்பிஏ க்யூப் வலிமை. மிக்ஸ் டிசைனில் ஒரு கன மீட்டருக்கு சிமென்ட் 420 கிலோ, தண்ணீர் 168 லிட்டர், மணல் 765 கிலோ, ஜல்லி 1060 கிலோ, அட்மிக்ஸர் சிமென்டில் 1 சதவீதம். தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.40, ஸ்பெக் அனுமதிக்கும் உச்சமும் அதுவே. பிளான்டில் போட்ட ட்ரையலில், கான்கிரீட் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று காட்டும் ஸ்லம்ப் 210 மிமீ. 28 நாள் க்யூப் மூன்றும் 43.5, 44.2, 44.9, சராசரி 44.2. கவர் லெட்டரில் "திருப்திகரம்" என்று எழுதி, ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள்.

முதல் தவறு அந்த "திருப்திகரம்". 40 கேட்டார்கள், 44 வந்தது, போதுமே என்று தோன்றும். ஆனால் ட்ரையல் எட்ட வேண்டியது 40 அல்ல, டார்கெட் மீன் வலிமை. உற்பத்தியில் எல்லா லோடும் ஒரே மாதிரி வராது என்பதால், இருபதில் ஒன்றுக்கு மேல் 40-க்குக் கீழே போகக் கூடாது என்று கணக்கிடுகிறோம். திட்ட விலக்கம் 5 எம்பிஏ என்றால் 40 + 1.65 × 5 = 48.25. சராசரி 44.2-லேயே உற்பத்தி ஓடினால், அதே விலக்கத்தில் கிட்டத்தட்ட ஐந்து ரிசல்ட்டுக்கு ஒன்று 40-க்குக் கீழே விழும். தூண் போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் அது தெரியவரும்.

இங்கே சில சப்ளையர்கள், "எங்கள் பிளான்டின் விலக்கம் 3தான்" என்பார்கள். அப்படியும் டார்கெட் 44.95 வருகிறது, 44.2 போதாது. அதோடு, 3 என்று சொன்னால் அதே பிளான்டில், அதே கிரேடில், அண்மையில் வந்த குறைந்தது 30 ரிசல்ட்டுகளை ஃபைலில் வைத்துக் காட்ட வேண்டும். வெறும் எண்ணை ஏற்க எந்த கன்சல்டன்டாலும் முடியாது.

சரி, வலிமை ஏன் குறைந்தது? "சிமென்டை 20 கிலோ கூட்டிவிடுகிறோம்" என்ற பதில் உடனே வரும். அதற்கு முன் ட்ரையல் நாளின் பேட்ச் பிரிண்ட் அவுட்டைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சப்மிட்டல்களில் இதை இணைப்பதே இல்லை. என்னைக் கேட்டால், அந்த ஃபைலிலேயே மிக முக்கியமான ஒரு பக்கம் அதுதான். நம் உதாரணத்தில் பிரிண்ட் அவுட்டில் மணல் 765, தண்ணீர் 168, ஈரப்பதம் என்ற கட்டத்தில் 0. டிசைன் எண்களை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் மணல் குவியல் ஈரமாக இருந்தது: மொத்த ஈரம் 5 சதவீதம், மணல் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்வது 1 சதவீதம்.

மிக்ஸ் டிசைனில் மணல், ஜல்லி எடையெல்லாம் நிறைந்த உள் ஈரம், உலர்ந்த மேற்பரப்பு என்ற நிலையில் எழுதப்படும். எஸ்எஸ்டி என்று சொல்கிறோமே, அது. ஈரமான 765 கிலோவை எடை போட்டால் அதில் எஸ்எஸ்டி மணல் சுமார் 736 கிலோதான். மீதி 29 கிலோ வெறும் தண்ணீர். அது 168-உடன் சேர்ந்து 197 ஆகிறது. உண்மையான விகிதம் 0.47. டிசைன் ஷீட்டில் 0.40 என்று எழுதிவிட்டு, க்யூப் நிரப்பியது 0.47 கான்கிரீட்டில். ஸ்லம்ப் 210 என்று அழகாக வந்ததற்கும் அட்மிக்ஸர் காரணமில்லை, இந்தத் தண்ணீர்தான்.

பிரிண்ட் அவுட் இல்லாவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. புதுக் கான்கிரீட்டின் அடர்த்தியை அளந்தார்களா என்று பாருங்கள். டிசைனில் எல்லாவற்றையும் கூட்டினால் 2417 கிலோ வருகிறது. ஒரு கன மீட்டரின் எடை ஏறக்குறைய அதுவாக இருக்க வேண்டும். ட்ரையலில் அளந்தது 2375. 2417-ஐ 2375-ஆல் வகுத்தால் 1.018. அதாவது ஒரு கன மீட்டர் என்று போட்டது 1.018 கன மீட்டராகப் பருத்திருக்கிறது. சிமென்டும் கன மீட்டருக்கு 413 கிலோவாகக் குறைந்துவிட்டது. கூடுதல் தண்ணீர் இல்லாவிட்டால் கூடுதல் காற்று என்று உடனே சந்தேகிக்கலாம். காற்றளவு டெஸ்டும் பக்கத்தில் இருந்தால் இரண்டில் எது என்று பிரித்துவிடலாம். நம் ட்ரையலில் காற்று டிசைனில் வைத்த 1 சதவீதமே. அடர்த்தி அளக்க ஒரு உருளைப் பாத்திரமும் தராசும் போதும். அப்படியிருந்தும் ட்ரையல் ரிப்போர்ட்டில் அந்த வரி காலியாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

எனவே சிமென்டைக் கூட்டுவது இங்கே தீர்வல்ல. மணலை 795 கிலோவாக எடை போட்டு, தண்ணீரை 138 லிட்டராகக் குறைத்து மறு ட்ரையல் போட வேண்டும். போட்டார்கள். விகிதம் உண்மையான 0.40-க்கு வந்தது, ஆனால் ஸ்லம்ப் 130-க்கு இறங்கியது. அட்மிக்ஸரை 1.3 சதவீதமாக்கியதும் 200-க்கு ஏறியது. முதல் ட்ரையலின் அட்மிக்ஸர் அளவு எவ்வளவு பொய்யானது என்பது இங்கேதான் புரிகிறது. அதை அப்படியே ஒப்புதல் செய்திருந்தால், உலர்ந்த மணல் வந்த நாளில் பம்ப் அடைத்திருக்கும், யாரோ டிரான்சிட் மிக்சரில் ஹோஸைச் செருகியிருப்பார்கள்.

ஸ்லம்ப் என்றதும் அடுத்த தவறு. மிக்சரிலிருந்து கொட்டிய உடனே அளந்த ஒரே ஒரு எண்ணை மட்டும் தருவது. பிளான்டிலிருந்து சைட்டுக்கு 50 நிமிடம், இறக்கி முடிக்க 30 நிமிடம் என்றால், 0, 30, 60, 90 நிமிடங்களில் அளந்த ஸ்லம்ப் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கான்கிரீட்டின் வெப்பநிலையும் வேண்டும். ஏசி அறையில் 24 டிகிரியில் தாங்கும் அட்மிக்ஸர் 34 டிகிரியில் அதே நேரம் தாங்காது. நம் மறு ட்ரையலில் 90-ஆவது நிமிடம் 140 கிடைத்தது, பம்புக்குப் போதுமானது.

அப்புறம் காகிதங்களின் பொருத்தம். இதை வேகமாகச் சொல்லிவிடலாம். மிக்ஸ் டிசைனில் எழுதிய சிமென்ட் வகையும் ஆலையும் சான்றிதழில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா? அட்மிக்ஸர் பெயரில் கடைசி எண் மாறினாலும் அது வேறு சரக்கு. சல்லடை ரிப்போர்ட்டில் உள்ள குவாரிதான் ட்ரையலில் உள்ளதா? வார்த்த தேதிக்கும் உடைத்த தேதிக்கும் இடையே சரியாக 28 நாள் இருக்கிறதா? கிரேடு க்யூபா சிலிண்டரா என்றும் பாருங்கள். C32/40 என்ற குறியில் முதல் எண் சிலிண்டர், இரண்டாவது க்யூப். ஸ்பெக் சிலிண்டரில் 40 கேட்டு, சப்ளையர் க்யூபில் 40 காட்டினால் அது ஒரு கிரேடுக்கும் மேல் குறைவு.

நேரக் கணக்கைத் தவறாகப் போடுவதும் இதோடு சேர்ந்ததே. மறு ட்ரையல் என்றால் இன்னொரு 28 நாள். 7 நாள் ரிசல்ட்டை வைத்து நிபந்தனை ஒப்புதல் கேட்கலாம். ஆனால் அதே சிமென்டில் 7 நாளுக்கும் 28 நாளுக்கும் உள்ள விகிதத்தைப் பழைய ரிசல்ட்டுகளால் காட்டினால்தான் அது நிற்கும். குளோரைடு ஊடுருவல் டெஸ்டை 56 நாளில் கேட்கும் ஸ்பெக் என்றால், முதல் பவுண்டேஷன் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ரிவ்யூவுக்கு இரண்டு வாரம் விட்டு, குறைந்தது பத்து வாரம் முன்பே ட்ரையல் போட்டிருக்க வேண்டும். நம் உதாரணத்தின் இரண்டாம் ட்ரையல் 28 நாளில் 51.5 எம்பிஏ தந்தது. சிமென்ட் அதே 420 கிலோ. பிரிண்ட் அவுட்டும் அடர்த்தியும் முதல் ஃபைலிலேயே இருந்திருந்தால், தவறு க்யூப் உடைக்கும் நாள் வரை காத்திருக்காமல் ட்ரையல் போட்ட அன்றே தெரிந்திருக்கும்.