பிஸிக்ஸ் கிளாஸ் நோட்ஸை டைப் பண்ணி, தலைப்பு போட்டு, ஃபார்முலா ஷீட் எடுக்கறது எப்படி

என் தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறா, அவளோட நிலை மின்னியல் பாடம் நோட்டுல 34 பக்கம். அதை நாங்க ரெண்டு பேரும் வேர்டுல ஏத்துனப்ப செஞ்சதை அப்படியே சொல்றேன்.

1. முதல்ல நோட்டுக்கு பக்க நம்பர் போடுங்க

பேனாவால ஓரத்துல 1, 2, 3ன்னு. அஞ்சு நிமிஷ வேலைதான், ஆனா கடைசியில சரிபார்க்கறப்ப இதுதான் கைகொடுக்கும். அப்புறம் பகல் வெளிச்சத்துல, போன் நிழல் விழாம, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கோங்க.

2. எழுத்தை டைப் பண்றதுக்கு முன்னாடி தலைப்பை மட்டும் டைப் பண்ணுங்க

நோட்டை ஒரு தடவை புரட்டி, கூலும் விதி, மின்புலம், மின் இருமுனை, மின்னழுத்தம், காஸ் விதி, மின்தேக்கின்னு தலைப்பை மட்டும் வரிசையா அடிங்க. ஒவ்வொண்ணுலயும் கர்சரை வச்சு Ctrl + Alt + 1 அழுத்துனா அது Heading 1 ஆயிடும், உள்தலைப்புக்கு Ctrl + Alt + 2. எழுத்தை பெருசாக்கி போல்டு பண்ணிட்டா தலைப்பு ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க, பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும் ஆனா வேர்டுக்கு அது சாதா வரிதான். View போயி Navigation Pane டிக் பண்ணுங்க, இடது பக்கம் தலைப்பெல்லாம் வரிசையா வந்தா சரி, காலியா இருந்தா நீங்க போட்டது வெறும் போல்டு.

இப்படி எலும்புக்கூடு முதல்ல நின்னுடுச்சுன்னா, சார் மூணு நாள் கழிச்சு திரும்ப வந்து சொன்ன பாயிண்ட்டையும் அது சேர வேண்டிய தலைப்புக்கு கீழயே போடலாம். நோட்டுல இருக்கற வரிசையிலேயே அடிச்சுட்டு போனா அந்த குழப்பம் அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துடும்.

3. வாக்கியத்தை எப்படி வேணா ஏத்துங்க, ஃபார்முலாவை கையால அடிங்க

போட்டோவுலருந்து எழுத்தை காப்பி பண்ற ஆப் எதுவா இருந்தாலும் வாக்கியத்துக்கு ஓரளவு உதவும். ஃபார்முலாவுல நம்பாதீங்க. மேல இருக்கற 3 கீழ இறங்கி r³ங்கறது r3 ஆயிடும், ε வந்து E ஆயிடும், பின்னத்தோட கோடு காணாமப் போயிடும். படங்களை வரைய வேண்டாம், போட்டோவுல அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுனா போதும்.

வேர்டுல Alt + = அழுத்துனா சமன்பாட்டு பெட்டி திறக்கும். இருமுனையோட அச்சுக்கோட்டுல மின்புலத்துக்கு இதை டைப் பண்ணி, ஒவ்வொரு துண்டு முடிஞ்சதும் ஸ்பேஸ் தட்டுங்க:

```
E=1/(4\pi\varepsilon_0 ) (2p)/r^3
```

மேல கீழ அழகா உக்காந்துடும், அடைப்புக்குறி தானா மறைஞ்சுடும்.

4. ஃபார்முலா ஷீட்

தனிப் பக்கத்துல நாலு கட்டம் உள்ள டேபிள். ஃபார்முலா, எழுத்துக்கு அர்த்தமும் அலகும், எப்போ செல்லும், நோட்டு பக்க நம்பர். மூணாவது கட்டத்தை நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு அதுதான் முக்கியம்னு படுது. மேல போட்ட ஃபார்முலாவுக்கு அந்த கட்டத்துல "அச்சுக்கோட்டுல மட்டும், இருமுனையோட நீளத்தை விட r ரொம்ப பெருசா இருக்கணும்"னு எழுதணும். நடுவரைத் தளத்துல அந்த 2 கிடையாது, திசையும் p-க்கு எதிர்ப்பக்கம். இது இல்லாம வெறும் ஃபார்முலாவா பத்து அடுக்கி வச்சா கணக்கு வரும்போது எதை எடுக்கறதுன்னு தெரியாது.

5. அலகை வச்சு சரிபாருங்க

எங்க ஷீட்லயே ஒரு தப்பு இருந்துச்சு. புள்ளி மின்னூட்டத்தோட மின்புலத்துல கீழ r², இருமுனைக்கு r³, ரெண்டும் அடுத்தடுத்த வரிசைங்கறதால இருமுனைக்கும் r²னு அடிச்சுட்டோம், கண்ணுக்கு படவே இல்ல. அலகு போட்டுப் பார்த்தப்பதான் மாட்டுச்சு. 1/(4πε₀) ஓட அலகு N m² C⁻², p ஓட அலகு C m, ரெண்டையும் பெருக்குனா N m³ C⁻¹. மின்புலத்துக்கு N C⁻¹ வரணும், அப்போ கீழ m³ இருந்தே ஆகணும். r² போட்டா ஒரு m மிச்சம் நிக்கும்.

ஆனா அலகு எல்லாத்தையும் பிடிக்காது. அந்த 2 விட்டுப்போச்சுன்னாலோ மைனஸ் மாறிப்போச்சுன்னாலோ அலகு அப்படியேதான் இருக்கும். அதுக்குத்தான் நாலாவது கட்டம், அந்த பக்கத்தை திறந்து சார் போட்ட கடைசி வரியோட விரல் வச்சு ஒப்பிடுங்க. நோட்டுல இருக்கறதே சந்தேகமா இருந்தா பாடப்புத்தகத்தை பாருங்க, போர்டுல இருந்து அவசரமா எழுதுனதுல விடுபட்டிருக்கலாம்.

எல்லாம் முடிஞ்சதும் முதல் பக்கத்துல References போயி Table of Contents போடுங்க, பின்னாடி ஏதாவது சேர்த்தீங்கன்னா அதுமேல கிளிக் பண்ணி F9 அழுத்துனா பக்க நம்பர் புதுசாயிடும். ஃபார்முலா ஷீட்டை மட்டும் தனியா ஒரு தாள்ல பிரிண்ட் எடுத்து நோட்டோட அட்டைக்குள்ள ஒட்டிக்கோங்க, தங்கச்சி அப்படித்தான் வச்சிருக்கா.