தொண்ணூறு நொடி ரீல், 44 நொடியானது எப்படி?

கேஸ் சிலிண்டரின் கைப்பிடிக்குக் கீழே எழுதியிருக்கும் சோதனைத் தேதியைப் பற்றி ஒரு ரீல் எழுதினேன். பால் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கும் அம்மாவிடம் மகன் கேட்கிறான், "சிலிண்டர்ல இருந்த நம்பரைப் பார்த்தியாம்மா?" அம்மா சொல்கிறார், "பார்த்தேனே, பஸ் நம்பர் மாதிரி இருந்துச்சு." வாசித்தால் 90 நொடி. எனக்குக் கிடைத்ததோ 45.

முதலில் வேகமாகப் பேசிப் பார்த்தேன். அம்மா பதில் சொல்வதற்கு முந்தைய ஒரு நொடி மௌனம் போனது, சிரிப்பும் கூடவே போனது. அதனால் அந்த மௌனத்தைத் தொடக்கூடாது என்று முடிவெடுத்து, அந்தப் பதிலில் இருந்து பின்னோக்கிப் படித்தேன். அதற்கு எது தேவை? தேதி பார்க்கும் பழக்கம் மட்டும்தான். பால், தயிர், பிஸ்கட் என மூன்று இருந்தன, பால் போதும். 12 நொடி மிச்சம். வணக்கமும் அறிமுகமும் 14. சிரிப்புக்குப் பிறகு நான் கொடுத்த விளக்கம் 13, அதுதான் நகைச்சுவையை உண்மையில் கெடுத்துக்கொண்டிருந்தது. சிலிண்டர் நம்பரில் வரும் ஏ, பி, சி, டி நான்கு எழுத்துக்கும் பொருள் சொன்ன பகுதி 11.

மீதி 40 நொடி. பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்துவிட்டு, "சரி, அந்த நம்பருக்கு என்னதான் அர்த்தம்?" என்றார். விஷயம் போய்ச் சேரவில்லை! மகன் வாயில் ஒரே வரி சேர்த்தேன்: "டி-26ன்னா 2026 டிசம்பருக்குள்ள சோதிக்கணும்மா." இப்போது 44.