ஓரம் வெட்டுப்பட்ட மதிப்பெண் பட்டியலில் சராசரி போடுவது

கோபிசெட்டிபாளையத்தில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் மதிப்பெண் பட்டியலின் படம் அனுப்பி, "ஏனுங்க சார், என்ற பையன் எத்தனாவதுன்னு பாத்துச் சொல்லுங்" என்றார். படத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. ஐந்தாவது பாடத்தின் பத்தியில் கோடு மட்டும் தெரிந்தது, மதிப்பெண் தெரியவில்லை. அதில் நான்கு வரிசை இங்கே:

| எண் | தமிழ் | ஆங்கிலம் | கணக்கு | அறிவியல் |
|---|---|---|---|---|
| 1 | 82 | 74 | 91 | 85 |
| 2 | 76 | 68 | 88 | 80 |
| 3 | 60 | 52 | 45 | 63 |
| 4 | 71 | 65 | வரவில்லை | 70 |

அவர் பையன் எண் 2.

முதலில், தெரிவதை மட்டும் கணக்குப் போடுங்கள். எக்செல்லில் எண் 1-இன் வரிசை இரண்டாவது வரியில் இருந்தால்:

```
=AVERAGE(B2:E2)
```

எண் 1-க்கு 83, எண் 2-க்கு 78, எண் 3-க்கு 55. பக்கத்தில் "நான்கு பாடச் சராசரி" என்று தலைப்பு எழுதிவிடுங்கள். வெறும் "சராசரி" என்று விட்டால் அடுத்த வாரம் நீங்களே ஐந்து பாடம் என்று நம்பிவிடுவீர்கள்.

எண் 4-இல் ஒரு பொறி இருக்கிறது. காலியான கட்டத்தையும் எழுத்து உள்ள கட்டத்தையும் AVERAGE கண்டுகொள்ளாது. அதனால் 206-ஐ மூன்றால் வகுத்து 68.67 என்று காட்டும். தேர்வுக்கு வராததைப் பூச்சியமாக எடுத்தால் 51.5தான். எது சரி என்பது பள்ளியின் முறையைப் பொறுத்தது, எக்செல் முடிவு செய்யக் கூடாது.

அடுத்து, தெரியாத பாடத்துக்கு எல்லை கட்டுங்கள். ஐந்தாவது பாடம் நூற்றுக்கு என்றால், மதிப்பெண் 0-க்குக் கீழே போகாது, 100-ஐத் தாண்டாது. அப்படியானால்:

```
=SUM(B2:E2)/5
=(SUM(B2:E2)+100)/5
```

எண் 1-இன் ஐந்து பாடச் சராசரி 66.4 முதல் 86.4-க்குள் இருக்கும். எண் 2-க்கு 62.4 முதல் 82.4. எண் 3-க்கு 44 முதல் 64. எல்லோருக்கும் இடைவெளி சரியாக 20. ஒரு பத்தி போனதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

இப்போது ரேங்க். எண் 1-இன் குறைந்தபட்சமே 66.4, எண் 3-இன் அதிகபட்சம் 64. ஆக, 1 முந்துவது உறுதி. 2-க்கும் 3-க்கும் அப்படிச் சொல்ல முடியாது: 3 நூறு வாங்கி, 2 எட்டுக்கும் கீழே வாங்கினால் வரிசை மாறிவிடும். நடக்குமா என்றால் சிரிப்பு வரும், ஆனால் பட்டியல் அதை மறுக்கவில்லை. 1-க்கும் 2-க்கும் வித்தியாசம் வெறும் 20 மதிப்பெண். விட்டுப்போன பாடத்தில் 2 இருபதுக்கு மேல் கூடுதலாக வாங்கியிருந்தால் அவன்தான் முதல். அந்த அம்மாவிடம், "இப்போதைக்குச் சொல்ல முடியாதுங்க, முழுப் படம் அனுப்புங்க" என்றேன்.

சிலர் விட்டுப்போன கட்டத்தில் அந்தப் பிள்ளையின் மற்றப் பாடச் சராசரியையே போட்டு நிரப்புவார்கள். எண் 1-க்கு 83 போட்டால் 415, ஐந்தால் வகுத்தால் மறுபடி 83. புதிதாக எதுவும் கிடைக்கவில்லை, ஐந்து பாடம் பார்த்த மாதிரி ஒரு தோற்றம்தான் கிடைத்தது. பூச்சியம் போடுவது இன்னும் மோசம்: வாங்காத பூச்சியத்தைப் பிள்ளை தலையில் கட்டுகிறோம்.

தேர்ச்சியையும் சொல்லக் கூடாது. பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 35 வேண்டும், மொத்தச் சராசரி எவ்வளவு உயர்ந்தாலும் அதை ஈடுகட்டாது. அப்புறம், வலது ஓரம் வெட்டுப்பட்ட படத்தில் கீழ் ஓரமும் வெட்டுப்பட்டிருக்கலாம். கடைசி எண்தான் வகுப்பின் கடைசிப் பிள்ளையா என்று தெரியாமல் வகுப்புச் சராசரி போடாதீர்கள்.

மறுநாள் முழுப் படம் வந்தது. வெட்டுப்பட்ட பத்தி சமூக அறிவியல்தான், அது நான் நினைத்தபடியே. ஆனால் 50-க்கு நடந்த தேர்வு! நூற்றுக்கு என்று வைத்த என் எல்லைக்கணக்கு, மதிப்பெண்ணை நூற்றுக்கு மாற்றினால்தான் செல்லும். எண் 1 வாங்கியது 38, எண் 2 வாங்கியது 49.

நூற்றுக்கு மாற்றினால் 76-ம் 98-ம். சராசரி 81.6, 82.0. எண் 2 முதல். மாற்றாமல் மொத்தத்தை 450-க்குப் பார்த்தால் 370-ம் 361-ம், அதாவது 82.2 விழுக்காடும் 80.2 விழுக்காடும். எண் 1 முதல். அந்தப் பள்ளி மொத்தத்தை வைத்துத்தான் ரேங்க் போடுகிறது. அம்மாவிடம் இரண்டாவது என்று சொன்னேன், சமூக அறிவியலில் 49 என்பதையும் சேர்த்துத்தான்.