கட்-ஆஃப் முடிஞ்ச மறுநாள் டீமுக்கு நன்றி மெசேஜ் எழுதறது எப்படி

நான் மண்ணடி லிங்கி செட்டி தெருவுல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல எக்ஸ்போர்ட் சைடு பாக்கறேன். எங்களுக்கு டெட்லைன்னா கட்-ஆஃப் தான், கப்பல்ல ஏத்த வேண்டிய கன்டெய்னர் சொன்ன மணிக்குள்ள துறைமுகத்து கேட்டுக்குள்ள போயிடணும், போகலன்னா அந்தக் கப்பல் போச்சு, அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் பெட்டி கெடந்து வாடகை ஏறிக்கிட்டே இருக்கும். போன மாசம் மூணு பெட்டி, வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணி கட்-ஆஃப், கடைசிப் பெட்டி ஜீரோ கேட்டைத் தாண்டினப்போ மணி 9.40.

மறுநாள் டீமுக்கு ஒரு நன்றி மெசேஜ் எழுதினேன். முன்னாடியெல்லாம் "சூப்பர் டீம், எல்லாருக்கும் நன்றி"ன்னு ஒரே வரி போடுவேன், நாலு கும்பிடு எமோஜி வரும், முடிஞ்சுது. இந்த தடவை வேற மாதிரி எழுதினேன், அதை அப்படியே படிப்படியா சொல்றேன். இங்க யார் பேரும் போடல, வேலையை வெச்சுதான் கூப்பிடறேன், நீங்க எழுதும்போது பேர் கட்டாயம் போடுங்க.

1. முதல்ல மணிக்கணக்கு போடுங்க

மெசேஜை டைப் பண்ண ஆரம்பிக்காதீங்க. ஒரு பேப்பர் எடுத்து மணி, என்ன ஆச்சு, யார் பண்ணாங்கன்னு மூணு பத்தி போட்டுக்குங்க. வாட்ஸ்அப் குரூப்பை காலையில இருந்து ஸ்க்ரோல் பண்ணுங்க, போன்ல கால் லிஸ்ட் பாருங்க. இதை மறுநாளே செஞ்சிடணும், ரெண்டு மூணு நாள் போச்சுன்னா எல்லாம் ஒண்ணா கலந்து "எல்லாரும் கஷ்டப்பட்டாங்க"ங்கிற நெனப்பு மட்டும்தான் மிஞ்சும்.

என் பேப்பர்ல இருந்ததுல ரெண்டு வரி:

6.10, பெட்டிக் கதவுல போடற சீலோட நம்பர் தப்புன்னு டாக்குமெண்ட் அக்கா சொன்னாங்க.
7.25, எர்ணாவூர் பக்கத்துல மூணாவது லாரி டயர் வெடிச்சுது, டிரான்ஸ்போர்ட் அண்ணா பாத்துக்கிட்டார்.

2. ஒவ்வொரு வரிக்கும் "இது நடக்கலன்னா?"ன்னு கேளுங்க

நன்றியோட உயிரே இங்கதான் இருக்கு. அக்கா செஞ்சதை "டாக்குமெண்ட்டை கவனமா பாத்தாங்க"ன்னு எழுதினா அது எந்த நாளுக்கும் பொருந்தும். அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, கேட்டுக்குள்ள போறதுக்கான ஃபார்ம் 13ல சீல் நம்பர்ல 8 இருக்கற எடத்துல 3ன்னு ஏறியிருந்துது, அவங்க பெட்டி இருந்த யார்டுல இருந்து வந்த சீல் போட்டோவை பெருசு பண்ணி ஒவ்வொரு எண்ணா ஒத்துப் பாத்தாங்க. பாக்கலன்னா லாரி ரெண்டு மணி நேரம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு கியூவுல நின்னுட்டு, கேட்ல நம்பர் ஒத்துப்போகாம ஓரம் கட்டியிருப்பாங்க, அதுக்கப்புறம் திருத்த நேரமே இல்ல. இந்த "இல்லன்னா" கைக்கு வந்துடுச்சுன்னா பாராட்டு வார்த்தையே தேட வேணாம்.

3. பேப்பர்ல வராதவங்களைத் தேடுங்க

குரூப்ல சத்தம் போட்டவங்க பேர்தான் பேப்பர்ல ஏறும். கணக்கு பாக்கற அக்கா குரூப்லயே கெடையாது. ஆனா யார்டு சார்ஜ் கட்டாம அங்க பெட்டியை வெளிய விட மாட்டாங்க, அவங்க யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே 4 மணிக்கு மூணு பெட்டிக்கும் பணம் அனுப்பிட்டாங்க, அதனால அது ஒரு பிரச்சனையாவே வரல. பிரச்சனை வராததால யாருக்கும் ஞாபகமும் வரல. அதே மாதிரி இம்போர்ட் சைடு அண்ணா, என்னோட ரெண்டு ஃபைலையும் அன்னிக்கு முழுக்க அவரே ஓட்டினார், இந்த மூணு பெட்டிக்கும் அவருக்கும் நேரா சம்பந்தம் இல்ல, ஆனா அவர் இல்லன்னா நான் இதுல உக்காந்திருக்கவே முடியாது.

4. எழுதறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க

இதை தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. போன வருஷம் எடை வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சதுக்கு நான் குரூப்ல தப்பான ஆளுக்கு நன்றி சொல்லிட்டேன். நெஜமா கண்டுபிடிச்சவர் ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் ரொம்ப நாள் குரூப்ல எதையும் எடுத்துச் சொல்றதை நிறுத்திட்டார், எனக்கு அது இன்னும் மனசுல இருக்கு.

அதனால இப்போ "நன்றி எழுதப் போறேன்"னு சொல்லாம, "நேத்து அந்த சீல் மேட்டர் எப்படிக்கா கண்ணுல பட்டுச்சு?"ன்னு சாதாரணமா கேக்கறேன். அப்படிக் கேட்டப்போதான் முதல் போட்டோ இருட்டா இருந்துதுன்னும், யார்டுல இருந்த ஃபீல்டு தம்பி டார்ச் அடிச்சு மறுபடி எடுத்து அனுப்பினான்னும் தெரிஞ்சுது.

5. இப்போ எழுதுங்க

முதல் வரியில என்ன முடிஞ்சுதுன்னு சொல்லுங்க. அடுத்தது, உங்களால ஏதாவது நெருக்கடி ஆச்சுன்னா அதை ஒத்துக்குங்க. அப்புறம் ஆளுங்களை, பதவி வரிசையில இல்லாம, நடந்த வரிசையில. நான் அனுப்பினது இது:

> மூணு பெட்டியும் நேத்து 9.40க்குள்ள உள்ள போயிடுச்சு. புதன்கிழமையே வந்த புக்கிங்கை நான் வியாழன் மதியம்தான் திறந்தேன், ஒரு நாள் என்னால போச்சு, அதுக்கு மன்னிச்சுக்குங்க.
> காலையில இருந்து என் ரெண்டு ஃபைலையும் இம்போர்ட் அண்ணா பாத்துக்கிட்டார், எனக்கு ஒரு போன் கூட வரல.
> 4 மணிக்கே கணக்கு அக்கா மூணு பெட்டிக்கும் பணம் கட்டிட்டாங்க, யார்டுல ஒரு நிமிஷம் நிக்கல.
> 6 மணிக்கு தம்பி டார்ச் அடிச்சு ரெண்டாவது போட்டோ எடுத்தான், அதுலதான் டாக்குமெண்ட் அக்கா சீல் நம்பர் தப்பைப் புடிச்சாங்க. புடிக்கலன்னா கேட்ல திருப்பி விட்டிருப்பாங்க.
> டயர் வெடிச்சப்போ டிரான்ஸ்போர்ட் அண்ணா திருவொற்றியூர்ல காலியா வந்துட்டிருந்த நம்ம லாரியைத் திருப்பி விட்டு அதோட ஸ்டெப்னியை மாட்ட வெச்சார், 35 நிமிஷத்துல வண்டி கெளம்பிடுச்சு.
> திங்கள் காலையில யாரும் 11 மணிக்கு முன்னாடி வர வேணாம், முதலாளிகிட்ட கேட்டுட்டேன்.

இதுல நான் வேணும்னே விட்டது ரெண்டு. சீல் நம்பரைத் தப்பா ஏத்தினது யாருன்னு சொல்லல, அவங்களும் இதே மெசேஜைப் படிப்பாங்க, அதை தனியா பேசிக்கலாம். இன்னொண்ணு, "தூங்காம, சாப்பிடாம உழைச்சாங்க"ன்னு எழுதல. அப்படி எழுதினா அடுத்த தடவை 6 மணிக்கு வீட்டுக்குப் போறவங்க தப்பு பண்ற மாதிரி ஆயிடும், வீட்ல கைக்குழந்தை இருக்கறவங்க ரெண்டு பேர் எங்க டீம்லயே இருக்காங்க.

6. யாருக்கு, எப்படி அனுப்பறது

குரூப்ல போட்டேன், குரூப்ல இல்லாத கணக்கு அக்காவுக்கு அதே மெசேஜை முழுசா அனுப்பினேன், அவங்க வரியை மட்டும் வெட்டி அனுப்பல, ஏன்னா மத்தவங்களும் இதைப் படிச்சாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். டயர் மாத்தின லாரி டிரைவருங்க ரெண்டு பேருக்கும் போன் போட்டேன். முதலாளிக்கு மெயில், அதே வரிகளோட, இன்க்ரிமென்ட் பேசற நேரத்துல அது அங்க எழுத்துல இருக்கட்டும்னு. அடுத்த ஷிப்மென்ட் பத்தி ஒரு வார்த்தையும் அதே மெசேஜ்ல சேக்காதீங்க, அது அரை மணி நேரம் கழிச்சு தனியா போகட்டும்.

எதையாவது விட்டிருப்பீங்க, அதனால கடைசியில "யாரையாவது விட்டுட்டேனா சொல்லுங்க"ன்னு ஒரு வரி போட்டுடுங்க. நான் அதைப் போடல. சாயந்தரம் ஃபீல்டு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பினான், "அக்கா, டார்ச் என்னுது இல்லக்கா, யார்டு செக்யூரிட்டி அண்ணன் தான் புடிச்சாரு, நான் போட்டோ மட்டும்தான் எடுத்தேன்." அவர் பேரைக் கேட்டு வாங்கி குரூப்ல அடுத்த மெசேஜா போட்டேன், திங்கக்கிழமை தம்பி யார்டுக்குப் போனப்போ அதை அவருக்குப் படிச்சுக் காட்டிட்டு வந்தான்.