உறுதியேற்பு விழா உரை: உறவினர் வாயில் சொல்லைத் திணிக்காதீர்கள்

போன மாதம் கும்பகோணத்தில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்கும் உறுதியேற்பு விழாவுக்கு உரை எழுதிய தம்பி ஒருவர் வரைவை எனக்கு அனுப்பினார். முதல் வரியே "இரு வீட்டுப் பெரியோர்களின் நல்லாசியோடு". நான் முதலில் எழுதிய உரையும் இப்படித்தான் தொடங்கியது.

எல்லோரும் சம்மதித்ததுபோல் எழுதுவது

அது மயிலாடுதுறையில் இரண்டு ஆண்களுக்கான விழா. ஒருவர் வீட்டில் எல்லோரும் வந்திருந்தார்கள். மற்றவர் பக்கம் மன்னார்குடியிலிருந்து தாய்மாமன் மட்டும். பழக்கதோஷத்தில், "தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்து, குடும்பத்தின் சார்பில் வாழ்த்துவார்" என்று எழுதி, மைக்கிலும் வாசித்தேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"போகாதே" என்று அக்கா சொல்லியும் மருமகனைப் பார்க்க வந்த மனிதர் அவர். குடும்பத்தின் சார்பில் என்றால் அந்த அக்காவுக்கும் சேர்த்து அவர் பதில் சொல்லியாக வேண்டும். எழுந்தார், "எனக்கு அந்த உரிமை இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மருமகன் அழுதுகொண்டே உறுதிமொழி சொன்னான். சும்மா உட்கார விட்டிருந்தால் சாப்பிட்டுவிட்டு, தனியே தலையில் கை வைத்து ஆசீர்வதித்திருப்பார். இதை யாராவது திரும்பச் செய்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். மேடைக்கு வருவீர்களா, பெயரைச் சொல்லலாமா, படம் எடுக்கலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். அவரைப் பற்றிய வரியை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "சம்மதத்தோடு", "நல்லாசியோடு" என்பவற்றை எடுத்துவிட்டு, "வந்திருப்பவர்கள் முன்னிலையில்" என்று போடுங்கள். வந்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும் வரி அது. தயங்குகிறவரும் அதை மறுக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் சொற்களை எடுப்பது

சுயமரியாதைத் திருமணத்துக்காகத் தமிழ்நாடு 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகச் சொல்வது அதில் ஒரு முறை. அந்த வாசகத்தை அப்படியே எடுத்து, "சட்டப்படி" என்றும் சிலர் சேர்க்கிறார்கள். தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது. தயக்கத்தோடு வந்த சித்தப்பா முதலில் பிடிப்பது "சட்டப்படி" என்ற அந்த ஒரு சொல்லைத்தான். அப்புறம் மற்ற எதுவும் அவர் காதில் ஏறாது. "வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன்" என்பது போதும், அது உண்மையும்கூட.

வராதவர்களைக் குத்திக்காட்டுவது

ஒரு வரிகூட வேண்டாம்.

அந்தத் தம்பி சரி என்று எல்லோருக்கும் போன் செய்தார். ஒரு பெண்ணின் அப்பா, "பேச மாட்டேன், விளக்கு ஏத்துறேன்" என்றாராம். உரையில் அவருக்கு இருந்தது இவ்வளவுதான்: "குத்துவிளக்கை ஏற்றுபவர், அவருடைய அப்பா." ஏற்றிவிட்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். கடைசிவரை இருந்தார்.